தந்ததையே திரும்பக் கேட்டால்...

கடந்த ஆண்டு எனக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் 1,86,400 ரூபா கட்டினேன். வருடா வருடம் சந்தா கட்டிவரும் காப்புறுதி இருக்கிறதே என்ற தைரியம்தான்.

கோரிக்கைப் படிவத்தோடு பற்றுச்சீட்டுகளையும் டயக்னோசிஸ் காட்டையும் வட்டுக்கோட்டைத் தபாலகத்தில் பதிவுத் தபாலில் போட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது: டயக்னோசிஸ் காட் வேண்டுமாம். பிரதி அனுப்பினேன். அடுத்த கடிதம் மருந்துச் சிட்டை கேட்டது. அதற்கடுத்தது மறுபடியும் டயக்னோசிஸ் காட். நான்கு மாதம் போய்விட்டது. கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்த முதல் அங்கே முடங்கிக் கிடந்தது.

மொத்த வியாபாரி ஒருவர் பாக்கி இருக்கிறது என்றால் நாம் என்ன செய்வோம்? பில்லை ஒவ்வொன்றாகவா அனுப்புவோம்? முழுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி முன்னால் வைப்போம். அதையே இங்கும் செய்தேன். கோரிக்கை இலக்கத்தை மேலே போட்டு, கொடுத்த ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதினேன். இன்ன ஆவணம், அதிலுள்ள திகதி, எத்தனை பக்கம், மூலமா பிரதியா, எந்தத் திகதியில் அனுப்பினேன், பதிவுத் தபால் இலக்கம் என்ன என்று ஆறு விபரம். பக்கத்தில் அவர்கள் அதே ஆவணத்தைத் திரும்பக் கேட்ட கடிதத்தின் திகதி. கடைசியில் இரண்டு கேள்வி: இன்னும் எது குறைகிறது, அதைக் காப்புறுதிப் பத்திரத்தின் எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள்? எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சொல்லுங்கள் என்று முடித்தேன்.

பட்டியல் எழுதும்போதுதான் என் பிழையும் தெரிந்தது. மருந்துக்கான தொகையை மொத்தமாகக் காட்டிய பில்லை மட்டும் அனுப்பியிருந்தேன். விபரப் பில் போகவேயில்லை. அதை இணைத்தேன். அவர்களுடைய பதிலில் உண்மையான சந்தேகமும் வெளிவந்தது. காப்புறுதி எடுக்குமுன்பே இந்த நோய் இருந்ததா என்பதுதான் அது. முதலில் எப்போது வைத்தியரிடம் காட்டினேன் என்ற குறிப்பை அனுப்பினேன். பணம் வந்தது. ஆனால் அதை நேரடியாக முதலிலேயே கேட்டிருக்கலாமல்லவா?

வியாபாரிகளே, மூலப் பில்லை அனுப்புமுன் போட்டோக்கொப்பி எடுங்கள். இயந்திரத்தில் அடித்த பில்லின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடலாம். தொலைபேசியில் சொன்னதை நம்பியிருக்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். நோய் உண்மையில் முன்பே இருந்து, பத்திரம் அதை விலக்கியிருந்தால் எந்தப் பட்டியலும் உதவாது. மற்றப்படி, நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவும் கைவிட்டால் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கும் முதலில் கைகொடுப்பது இந்த ஒரு தாள்தான்.