படம் உறைந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

லண்டனில் இணையப் பெட்டியில் தமிழ் நேரலை உறைந்து நின்றால், பலர் உடனே இன்னும் வேகமான இணையத் திட்டத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐபிஎல் ஆட்டம் இந்தியாவில் இரவு 7.30-க்குத் தொடங்கும்போது லண்டனில் பிற்பகல் 3 மணிதான். அக்கம்பக்கத்து வீடுகளின் இணையப் பயன்பாடு அப்போது குறைவு. அந்த நேரத்தில் யூடியூப் தடையின்றி ஓட, தமிழ் சேனல் மட்டும் நின்றால், நெரிசல் பெரும்பாலும் சேவையின் சர்வரில் இருக்கிறது. பெட்டியின் அமைப்பில் வேறு சர்வர் இருந்தால் மாற்றிப் பாருங்கள். அருகிலுள்ள சர்வரைவிடக் கூட்டம் குறைந்த தொலைதூர சர்வர் சீராக ஓடலாம். மாறாக, உள்ளூர் இரவு 8 முதல் 10 வரை எல்லாமே தடுமாறினால் வீட்டுப் பக்கம் சோதியுங்கள். பெட்டியை ரவுட்டரோடு கேபிளால் இணைத்ததும் சரியானால் குறை வைஃபையில். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறலாம். கேபிளிலும் நின்றால் அதே நேரத்தில் வேகத்தை அளவிடுங்கள். ஒரு எச்டி நேரலைக்குச் சீரான 10 எம்பிபிஎஸ் போதும். அதுவும் வராதபோதுதான் இணைய நிறுவனத்திடம் முறையிடவோ திட்டத்தை மாற்றவோ காரணம் உண்டு.