கோடிக்குப் பின்னே ஒரு கமா

ஒரு நீண்ட எண்ணைக் கண்ணால் பிடிக்க உதவுவது அதன் நடுவே விழும் கமா. 12345678 என்று எட்டு இலக்கங்கள் ஒட்டிக்கொண்டு நின்றால் விரல் வைத்து எண்ண வேண்டும். அதையே இந்தியாவில் 1,23,45,678 என்று எழுதுகிறார்கள். உலகின் பல நாடுகளில் 12,345,678 என்று எழுதுகிறார்கள். இரண்டிலும் வலது ஓரத்து மூன்று இலக்கங்கள் ஒன்றாகவே நிற்கின்றன. அதற்கு இடப்புறம் போகும்போதுதான் வழி பிரிகிறது: இந்திய முறை இரண்டிரண்டாகப் பிரிக்கும், மற்றது மூன்று மூன்றாகவே தொடரும். 99,999 வரை இரண்டுக்கும் வேறுபாடே கிடையாது. ஆறாவது இலக்கம் வந்ததும் ஒன்று 1,00,000 ஆகிறது, இன்னொன்று 100,000 ஆகிறது.

முதலில் மூன்று, பிறகு இரண்டிரண்டு என்ற இந்த ஒழுங்கு பார்க்கச் சீரற்றதாகத் தோன்றலாம். ஆனால் கமா விழும் இடங்கள் எண்களின் பெயர் மாறும் இடங்கள். ஆயிரத்துக்கு மூன்று பூஜ்யம். அடுத்த புதுப் பெயரான லட்சத்துக்கு ஐந்து, அதற்கடுத்த கோடிக்கு ஏழு. பத்தாயிரம், பத்து லட்சம் ஆகியவை தனிப் பெயர்கள் அல்ல; இருக்கும் பெயருக்கு முன்னால் பத்தைச் சேர்த்தவை. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு இலக்க இடம் போதும். ஆயிரத்துக்குக் கீழே மட்டும் நூறு, பத்து, ஒன்று என மூன்று இடம் தேவைப்படுகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. இதில் கமாவைக் கண்ட இடத்திலெல்லாம் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே போனால் போதும்: 7 கோடியே 21 லட்சத்து 47 ஆயிரத்து 30. அதே எண்ணை 72,147,030 என்று அச்சிட்டால், தமிழில் வாசிப்பவர் ஒரு சிறு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 72 மில்லியன் என்பது 7 கோடியே 20 லட்சம். அடுத்துள்ள 147 ஆயிரத்தில் ஒரு லட்சமும் 47 ஆயிரமும் இருக்கின்றன. அந்த ஒரு லட்சத்தை முன்னே இருக்கும் 20 லட்சத்தோடு சேர்த்தால்தான் 21 லட்சம் கிடைக்கும். கமா ஒரு மொழிக்கும் வாய் இன்னொரு மொழிக்கும் கட்டுப்பட்டிருப்பதால் வரும் சிக்கல் இது. மில்லியன், பில்லியன் என்று பேசுபவருக்கு 7,21,47,030 இதே அளவுக்குத் தடுமாற்றம் தரும்.

கோடியைத் தாண்டியதும் இந்திய முறைக்குள்ளேயே ஒரு பிளவு எழுகிறது. அதே 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் மக்கள்தொகை 121 கோடியே 8 லட்சத்து 54 ஆயிரத்து 977. இரண்டிரண்டாகப் பிரிக்கும் விதியை இடது ஓரம் வரை கடைப்பிடித்தால் இது 1,21,08,54,977 ஆகும். கோடிக்கு முன்னே ஒரு கமா கூடுதலாக விழுந்து, 121 என்பதை 1 என்றும் 21 என்றும் உடைக்கிறது. இந்தியில் இதற்கு நியாயம் உண்டு. அங்கே நூறு கோடிக்கு ‘அரப்’ என்றும், நூறு அரப்புக்குக் ‘கரப்’ என்றும் பெயர் இருப்பதால், அந்தக் கமாவும் ஒரு பெயரைக் குறிக்கிறது. இன்றைய தமிழ்ப் பேச்சில் கோடிக்கு மேல் புதுப் பெயர் வருவதில்லை. நூறு கோடி, ஆயிரம் கோடி, லட்சம் கோடி என்று கோடியின் மேலேயே ஏறிக்கொண்டு போகிறோம்.

இதனால்தான் 121,08,54,977 என்ற வடிவத்தையும் அச்சில் காண முடிகிறது. கோடியோடு கமாவை நிறுத்திக்கொண்டு, அதற்கு இடப்புறம் உள்ளதை ஒரே எண்ணாக விடுவது இம்முறை. பேச்சோடு ஒத்துப்போவது இதுவே. கணினிகள் கடைப்பிடிப்பதோ முந்தையது. ஒரு லட்சம் கோடியை முழு இலக்கங்களில் எழுதும்போது இந்த இடைவெளி இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டிரண்டு விதிப்படி அது 10,00,00,00,00,000. இதன் கமாக்களைப் பார்த்து ‘லட்சம் கோடி’ என்று யாரும் சட்டென்று வாசித்துவிட முடியாது. பட்ஜெட் செய்திகளில் இவ்வளவு பெரிய தொகைகளை ‘1 லட்சம் கோடி’ என்று எண்ணும் சொல்லும் கலந்து எழுதுவது இதைத் தவிர்க்கத்தான்.

கணினியில் இந்திய முறையைக் கொண்டுவருவதில் பலர் இடறும் இடம் எக்செல். ஒரு கட்டத்தில் 2500000 என்று அடித்து, அதன் எண் வடிவத்தை `##,##,##0` என்று மாற்றினால் 25,00,000 வரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. வருவது 2,500,000. வடிவத்தில் எந்த இடத்தில் கமாவை வைத்தோம் என்பதை எக்செல் பார்ப்பதில்லை. இலக்கக் குறிகளுக்கு நடுவே ஒரு கமா இருந்தால் ‘பிரித்துக் காட்டு’ என்று மட்டும் புரிந்துகொள்கிறது. எப்படிப் பிரிப்பது என்பதை விண்டோஸின் வட்டார அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆகவே நேரான தீர்வு அந்த அமைப்பை மாற்றுவதே. விண்டோஸ் விசையோடு R-ஐ அழுத்தி, வரும் பெட்டியில் `intl.cpl` என்று அடித்தால் வட்டார அமைப்பு திறக்கும். அதில் Additional settings என்ற பொத்தானுக்குள் Digit grouping என்ற வரி இருக்கிறது. அங்கே 12,34,56,789 என்ற மாதிரியைத் தேர்ந்தால் போதும். அதன் பிறகு சாதாரண `#,##0` வடிவமே லட்சம், கோடி முறையில் காட்டும். இதில் ஒரு வரம்பு உண்டு: மாற்றம் அந்தக் கணினிக்குத்தான், கோப்புக்கு அல்ல. சென்னையில் 25,00,000 என்று தெரிந்த அதே கோப்பு, வேறு அமைப்புள்ள கணினியில் 2,500,000 என்று திறக்கும். உள்ளே இருக்கும் மதிப்பு மாறவில்லை, தோற்றம்தான் மாறியிருக்கிறது.

எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டுமானால், கமாவை எழுத்தாகவே பதிக்க வேண்டும். அதற்குக் கமாவுக்கு முன் பின்சாய்கோடு போடுவார்கள். பலரும் பயன்படுத்தும் வடிவம் இது:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

அரைப்புள்ளிகள் இதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. கோடியும் அதற்கு மேலும் முதல் பகுதிக்குப் போகும், லட்சங்கள் இரண்டாவதற்கு, மற்றவை மூன்றாவதற்கு. முதல் பகுதி ஒன்றே போதாதா என்றால், போதாது. எழுத்தாகப் பதித்த கமா, இலக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தோன்றியே தீரும். 4500-ஐ அந்தப் பகுதியில் போட்டால் `,,4,500` என்று வெற்றுக் கமாக்களோடு வரும். அதற்காகத்தான் அளவுக்கேற்ற தனித்தனிப் பகுதிகள்.

இதே வடிவத்தில் 1210854977-ஐ இட்டால் 121,08,54,977 என்று வரும். எஞ்சிய இலக்கங்கள் எல்லாம் இடது ஓரத்துப் பகுதியில் சேர்ந்துகொள்வதால், தமிழ்ப் பேச்சுக்கு ஏற்ற வடிவம் தற்செயலாக அமைந்துவிடுகிறது. ஆனால் கோடிகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே கமா இருக்காது. 12,345 கோடிக்கு மேற்பட்ட தொகை 12345,67,89,012 என்று நிற்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை கழித்தல் எண்களில் இருக்கிறது. நட்டக் கணக்கில் வரும் −2500000 ஒரு லட்சத்தைவிடச் சிறியது என்பதால் முதல் இரண்டு நிபந்தனைகளிலும் சிக்காமல் மூன்றாம் பகுதிக்கு நழுவிவிடும். கணினி மூன்று மூன்றாகப் பிரிக்கும் ஆயிர முறையில் அமைந்திருந்தால் அது −2,500,000 என்று தெரியும். ஒரே பத்தியில் லாபம் 25,00,000 என்றும் நட்டம் 2,500,000 என்றும் நின்றால், காரணம் அநேகமாக இதுதான். ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைகளுக்கு மேல் எக்செல் ஏற்காது. எனவே கழித்தல் எண்களுக்கு, நிபந்தனைக்குட்பட்ட வடிவமைப்பு வசதியில் தனி வடிவம் தர வேண்டும்.

இணையப் பக்கங்களில் வேலை எளிது. உலாவிகளுக்குள்ளேயே ஒவ்வொரு நாட்டு வழக்கமும் பதிந்திருக்கிறது. மொழியையும் நாட்டையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

```
new Intl.NumberFormat('ta-IN').format(72147030)  // 7,21,47,030
new Intl.NumberFormat('ta-SG').format(72147030)  // 72,147,030
```

இரண்டு வரியும் தமிழைத்தான் கேட்கின்றன. ஆனால் முதலாவது இந்தியத் தமிழ், இரண்டாவது சிங்கப்பூர்த் தமிழ். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கணக்கு மில்லியனில் ஓடுவதால் கமாவும் மூன்று மூன்றாக விழுகிறது. கமாவின் இடத்தை மொழி மட்டும் தீர்மானிப்பதில்லை, நாட்டின் வழக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

தோற்றத்துக்காகப் போட்ட கமா மதிப்போடு கலந்துவிட்டால் தவறு பெரிதாகும். ஜாவாஸ்கிரிப்டில் `parseInt("1,23,456")` என்று கேட்டால் விடை 1. முதல் கமாவைக் கண்டதும் அது வாசிப்பதை நிறுத்திவிடுகிறது. ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்து நானூற்று ஐம்பத்தாறு சத்தமில்லாமல் ஒன்றாகிவிடுகிறது. கமாவால் பிரிக்கப்படும் சிஎஸ்வி கோப்பிலும் மேற்கோள் குறி இல்லாத 1,23,456 மூன்று பத்திகளாகச் சிதறும். எண்ணை வெறும் இலக்கங்களாகவே சேமித்து, திரையிலோ தாளிலோ காட்டும்போது மட்டும் கமா சேர்ப்பதே பாதுகாப்பு.

தாளில் உள்ள எண் எந்த முறையைச் சேர்ந்தது என்பதை நடுவில் உள்ள தொகுதி காட்டிக்கொடுக்கும். இரண்டு கமாக்களுக்கு நடுவே இரண்டு இலக்கம் இருந்தால் லட்ச முறை, மூன்று இருந்தால் ஆயிர முறை. ஒரே கமா மட்டும் இருந்தால் இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும்: 450,000 என்று மூன்று இலக்கம் நின்றால் அது ஆயிர முறை. எந்த முறையானாலும் கடைசித் தொகுதியில் சரியாக மூன்று இலக்கம் இருந்தாக வேண்டும். 4,50,00 என்று எழுதியிருந்தால் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கலாம், அல்லது 45,000-ல் கமா இடம் மாறியிருக்கலாம். எது சரி என்பதைத் தொகையை எழுத்தில் எழுதியுள்ள வரியோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தியாவுக்குள்ளேயே இரண்டு முறைகளும் அருகருகே புழங்குவதற்குச் சட்டமும் இடம் தந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் நிதி அறிக்கைகளுக்கான மூன்றாம் அட்டவணை, பெரிய நிறுவனங்கள் தங்கள் தொகைகளை லட்சத்திலோ மில்லியனிலோ கோடியிலோ முழுமையாக்கிக் காட்ட வேண்டும் என்கிறது. தேர்ந்த அலகை அறிக்கை முழுவதும் ஒரே சீராகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆகவே இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளை ஒப்பிடுபவர் எண்களுக்கு முன் பட்டியலின் தலைப்பைப் பார்க்கிறார். ‘கோடியில்’ என்ற தலைப்பின் கீழுள்ள 1,250-உம் ‘மில்லியனில்’ என்ற தலைப்பின் கீழுள்ள 12,500-உம் ஒரே தொகைதான்.