மொத்தப் பாக்கிக்கு ஒரு தனிப் பக்கம்

கடன் கொடுக்காமல் மொத்த வியாபாரம் நடக்காது. செட்டியார்பட்டியில் கடை நடத்துகிற நாம், விருதுநகரிலிருந்து பருப்பும் எண்ணெயும் வரவழைத்து, சேத்தூர், முகவூர், தளவாய்புரம் சில்லறைக் கடைகளுக்குக் கடனில் அனுப்புகிறோம். ஒவ்வொரு கடைக்கும் பேரேட்டில் ஒரு பக்கம். பில் போட்டால் பற்று. பணம் வந்தால் வரவு. இதுவரை எல்லோரும் சரியாகத்தான் செய்கிறோம்.

ஆனால் அறுபது, எழுபது பக்கங்களில் ஏற்றிய தொகைகள் சரிதானா என்று பார்க்க என்ன வழி வைத்திருக்கிறோம்? பல கடைகளில் வாடிக்கையாளர் வந்து தகராறு செய்வதுதான் சோதனை. பாக்கியைக் கூட்டி எழுதியிருந்தால் அவர் வருவார். குறைத்து எழுதியிருந்தால் வருவாரா? அந்த நஷ்டம் சத்தமில்லாமல் நம் தலையில் விழும்.

இதற்கு வழி, பேரேட்டில் மொத்தக் கடனாளிகள் கணக்கு என்று ஒரு தனிப் பக்கம் போடுவது. கணக்குப் படித்தவர்கள் இதைக் கட்டுப்பாட்டுக் கணக்கு என்பார்கள். தனித்தனி வாடிக்கையாளர் பக்கங்கள் அதற்குத் துணைப் பேரேடு. இந்தப் பக்கத்தில் தனி பில் எதையும் எழுத வேண்டாம். மாதக் கடைசியில் கடன் பில் சிட்டையின் மொத்தம், ரொக்கச் சிட்டையில் கடைக்காரர்களிடம் வசூலான மொத்தம், திரும்பிய சரக்கு, தள்ளுபடி ஆகியவற்றை மட்டும் எழுதினால் போதும். ரொக்க விற்பனை இதில் சேராது.

உதாரணமாக ஒரு மாதத்தைப் பார்ப்போம். மாத ஆரம்பத்தில் மொத்தப் பாக்கி ரூ.1,84,600. கடன் விற்பனை ரூ.2,36,400. கூட்டினால் ரூ.4,21,000. வசூல் ரூ.2,05,000, திரும்பிய சரக்கு ரூ.3,200, தள்ளுபடி ரூ.800, ஆக ரூ.2,09,000 கழிய, நிற்க வேண்டிய பாக்கி ரூ.2,12,000. இப்போது ஒவ்வொரு கடைக்காரர் பக்கத்திலும் நிற்கும் பாக்கியை ஜாபிதா எடுத்துக் கூட்டுகிறோம். ரூ.2,12,540 வருகிறது. ரூ.540 அதிகம்.

முதலில் இரண்டு கூட்டல்களையும் மறுபடி போட்டுப் பாருங்கள். முன்பணம் கொடுத்து வரவில் நிற்கும் கடைக்காரரின் தொகையைக் கழிக்காமல் கூட்டியிருக்கிறோமா என்றும் கவனியுங்கள். அடுத்து, 540 ரூபாய் வரவு எதையாவது ஏற்றாமல் விட்டோமா, 540 ரூபாய் பில் எதையாவது இரண்டு முறை ஏற்றினோமா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதில் பாதி, 270. வரவில் எழுத வேண்டிய 270-ஐப் பற்றில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகி 540 ஆகும். அதுவும் இல்லையென்றால் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதமில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 540 என்பது ஆறு தொண்ணூறு. ஆகவே நூறும் பத்தும் இடம் மாறி, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் 6 வித்தியாசம் உள்ள தொகையைத் தேட வேண்டும். ரொக்கச் சிட்டையில் ரூ.7,820 வசூல், கடைக்காரர் பக்கத்தில் ரூ.7,280 என்று வரவு. அகப்பட்டது. எழுபது பக்கங்களையும் வரி வரியாகப் புரட்ட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. தனிப் பக்கங்களைக் கூட்டி, அந்தத் தொகையையே மொத்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அது சோதனையே அல்ல. மொத்தப் பக்கம் சிட்டைகளிலிருந்துதான் வர வேண்டும். முடிந்தால் வேறு கையால், முதலாளியே எழுதுவது இன்னும் நல்லது. வித்தியாசத்தை "வித்தியாசக் கணக்கு" என்று எழுதி மூடுவதும் தப்பு. சிறிய வித்தியாசத்துக்குள் ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு பெரிய பிழைகள் இருக்கலாம்.

இந்த முறையில் அகப்படாத பிழைகளும் உண்டு. சேத்தூர்க் கடையின் பில்லை முகவூர்க் கடைப் பக்கத்தில் ஏற்றினால் மொத்தம் மாறாது. சிட்டையிலேயே எழுதாத பில்லும் தெரியாது. முதலாவதற்கு, மாதந்தோறும் பாக்கி விவரம் எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டாவதற்கு, பில் நம்பர் வரிசை விடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த பின் இதெல்லாம் எதற்கு என்பார்கள். அதில் காட்டும் மொத்தப் பாக்கி, தனிக் கணக்குகளின் கூட்டலேதான். இரண்டும் ஒத்துப்போவதில் அதிசயம் இல்லை. 7,820-க்குப் பதில் 7,280 என்று தட்டினால் இரண்டிலும் அதே பிழை ஏறும். ஆகவே பில் புத்தகத்தையும் ரசீதுப் புத்தகத்தையும் தனியே கூட்டி, கம்ப்யூட்டர் மொத்தத்தோடு ஒப்பிடும் வேலை நமக்கு இருக்கத்தான் செய்கிறது.

மாதம் ஒரு முறை ஜாபிதா எடுத்தால், தேட வேண்டியது ஒரு மாதக் கணக்கு மட்டும். வருடக் கடைசியில் எடுத்தால் பன்னிரண்டு மாதத்தையும் புரட்ட வேண்டும். அதற்குள் பாதிக் கடைக்காரர்கள் தங்கள் துண்டுச் சீட்டைத் தொலைத்திருப்பார்கள்.