பயணக் களைப்பும் பணியிடத்தின் பொறுப்பே

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் 20 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் தாம்பரத்தை ஓ.எம்.ஆர். அலுவலகங்களோடு நேராக இணைக்கும் ரயில் இல்லை. கேம்ப் ரோடு, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சாலைதான் கதி. நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். மழை பெய்தாலோ, வழியில் ஒரு லாரி பழுதாகி நின்றாலோ, ஒன்றரை மணி நேரமும் போதாது.

எந்த நாள் எப்படி அமையும் என்று தெரியாததால், காலை எட்டு மணி ஷிப்டுக்குச் செல்பவர் தினமும் மோசமான நாளையே மனதில் வைத்து ஆறரைக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். இந்தக் கூடுதல் நேரம் தூக்கத்திலிருந்துதான் போகிறது. அமெரிக்கர்களின் அன்றாட நேரச் செலவை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வும், வேலைக்கு அடுத்தபடியாகத் தூக்கத்தைக் குறைப்பது பயணமே என்றது.

விளைவு ஷிப்ட் மாறும்போது வெடிக்கிறது. வருபவர் பத்து நிமிடம் தாமதித்தால், இரவெல்லாம் விழித்திருந்தவர் வீட்டுக்குப் போகும் வண்டியைத் தவறவிடுகிறார். “உங்களுக்கு இதே வழக்கமாப் போச்சு” என்ற ஒரு சொல் போதும். தூக்கம் கெட்ட இருவர், சாலை செய்த தவறுக்கு ஒருவரையொருவர் குற்றம் சாட்டுகிறார்கள். மேலாளர் இதைக் குணக்கேடு என்று குறித்துக்கொள்கிறார்.

எங்கே குடியிருப்பது என்பது ஊழியரின் விருப்பம், அதற்கு நிறுவனம் எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்பார்கள். 2010-இல் திருத்தப்பட்ட இ.எஸ்.ஐ. சட்டம், அதன் வரம்புக்குள் வரும் தொழிலாளி வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ, வேலையோடு தொடர்புடைய சூழலில் விபத்துக்குள்ளானால், அதைப் பணிக்கால விபத்தாகவே ஏற்றுக்கொண்டது. எலும்பு முறிந்தால் பயணம் வேலையின் பகுதி. தூக்கம் முறிந்தால் மட்டும் சொந்த விவகாரம் என்பது நியாயமல்ல.

ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் இரண்டு மாற்றங்களை உடனே செய்யலாம். ஷிப்ட் இல்லாத பிரிவுகளில், எட்டரை முதல் பத்து மணிவரை எப்போது வந்தாலும் தாமதக் கணக்கு கூடாது. ஷிப்ட் பிரிவுகளில் இந்தத் தளர்வு சாத்தியமில்லை. அங்கே இரு ஷிப்டுகளும் அரை மணி நேரம் ஊதியத்தோடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அந்தச் செலவு நிறுவனத்துடையது.

அரசின் கடமை பேருந்து. நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு, இடையில் மாறாமல் செல்லும் ரயில் வந்தபோது, அதற்கு மாறிய பயணிகளின் மன அழுத்தம் குறைந்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள். தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு அலுவலக நேரங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு நேரடிப் பேருந்து ஓட வேண்டும்; மேடவாக்கம் சந்திப்பில் அதற்கு முன்னுரிமை வேண்டும். கிளம்பும் நேரத்தை நம்பிக்கையோடு கணக்கிட முடிந்தால்தான், ஊழியர் இழந்த தூக்கம் திரும்பும்.