கையெழுத்துப் போட ஆள் இருக்கிறாரா?

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் சித்தி மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். "அக்கா, எனக்குக் கையெழுத்துப் போட ஆளே இல்ல!" என்றான். கல்யாணத்துக்குச் சாட்சி கேட்கிறானோ என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டுவிட்டேன். விஷயம் வேறு.

தம்பி ஒரு சிவில் என்ஜினியர். பட்டம் வாங்கி, மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிந்து, கிள்ளானில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை செய்தான். பிறகு சிங்கப்பூர். இப்போது 'இர்' பட்டத்தோடு முழுத் தகுதி பெற்ற பொறியாளராக வேண்டும் என்று ஆசை. அதற்குக் குறைந்தது 3 ஆண்டு நடைமுறை அனுபவம் வேண்டும். அதில் ஓராண்டாவது மலேசியாவிலேயே, அதே துறையில் தகுதி பெற்ற ஒரு பொறியாளரின் மேற்பார்வையில் இருந்திருக்க வேண்டும். தம்பிக்கு அந்த அனுபவம் இருக்கிறது. ஆனால் "ஆமாம், இவன் என்னிடம் இதைச் செய்தான்" என்று உறுதி சொல்ல வேண்டிய பழைய முதலாளி எங்கே என்று தெரியவில்லை. நிறுவனமும் கை மாறிவிட்டது, அவர் நம்பரும் மாறிவிட்டது.

சிங்கப்பூரிலேயே இருக்கப் போகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டேன். அவன் ஆசியான் கணக்கைச் சொன்னான். 2005 டிசம்பரில் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் பொறியியல் சேவைக்காக ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி 'ஆசியான் பட்டயப் பொறியாளர்' ஆகலாம். பட்டம் வாங்கிய பின் 7 ஆண்டு அனுபவமும், அதில் 2 ஆண்டு முக்கியமான வேலைக்குப் பொறுப்பேற்றிருப்பதும் தேவை. ஆனால் முதல் படி, சொந்த நாட்டில் தகுதி பெற்ற பொறியாளராக இருப்பது. ஊர்க் கதவைத் தட்டாமல் அந்தக் கதவு திறக்காது.

"தொடர்பே இல்லையா?" என்றேன். "தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவேன்கா." பார்த்தேன். எல்லாருக்கும் அனுப்பிய அதே விளக்குப் படம். கீழே அவன் பெயர்கூட இல்லை. அதுவும் பழைய நம்பருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் வழி காட்டியது அந்த அலுவலகத்து கெராணி அக்கா. ஆளை மறக்காதவர் அவர் ஒருவர்தான். முதலாளி இப்போது பினாங்கில் என்று சொல்லி, அவரிடம் கேட்டுவிட்டு நம்பரையும் கொடுத்தார். "சார், கையெழுத்து வேணும்" என்று உடனே எழுதப் போனவனை நான் நிறுத்தினேன். (ரேடியோவில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம், பேசுமுன் யார் கேட்கிறார்கள் என்று யோசிப்போம்.) அவனிடம் பழைய குறிப்புப் புத்தகம் இருந்தது. அதைப் பார்த்து மூன்று வேலைகளையும் எழுதினான்: எந்த இடம், எந்த மாதத்திலிருந்து எது வரை, தான் கணக்கிட்டது என்ன, சார் திருத்தியது என்ன.

சார் மூன்றாம் நாள் அழைத்தார். வடிகால் வேலையும் பைல் சோதனையும் நினைவிருக்கிறது, அவற்றுக்குப் போடுகிறேன் என்றார். மூன்றாவது வேலைக்கு முடியாது, அது தொடங்குமுன் அவர் விலகிவிட்டாராம். தம்பிக்கு முகம் வாடியது. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. பார்க்காததற்குப் போடாதவருடைய கையெழுத்துக்குத்தானே மதிப்பு? கூட்டிப் பார்த்தால் 14 மாதம் வந்தது. ஓராண்டு தாண்டிவிட்டது. மீதிக்கு சிங்கப்பூர் மேற்பார்வையாளர் எழுதித் தர வேண்டும், அதை ஏற்பது வாரியத்தின் முடிவு.

வேலை முடியும்போதே ஒரு பக்கக் குறிப்பு எழுதி அன்றே கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தத் தேடல் வந்திருக்காது. விமானச் சீட்டோ பஸ் டிக்கெட்டோ எடுக்குமுன் அதை முடியுங்கள். மூன்று பேருடைய அலுவலக நம்பர் போதாது, சொந்த நம்பரும் மின்னஞ்சலும் வேண்டும்.

இப்போது தம்பி சாருக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எழுதுகிறான். விளக்குப் படம் இல்லை. கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் அதே தொந்தரவு பிடித்த கடல் களிமண்தான், தோண்டினால் பக்கம் சரியும். அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பொதுவாக எழுதுவான். வாடிக்கையாளரின் வரைபடத்தையோ கணக்கையோ அனுப்புவதில்லை, அது வேலைக்கே உலை வைக்கும். போன வாரம் சாரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பினாங்கில் அவரிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் சிங்கப்பூர் போகப் போகிறாளாம், தம்பி அவளிடம் பேச முடியுமா என்று.

பேசப் போகிறான். முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்: "சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டீங்களா?"