‘நாம்’ என்ற சொல்லுக்கு இந்தியில் இடமில்லை

“அன்புக்கு மொழி தேவையில்லை” என்ற வாசகத்தை எழுதியவர் எவராயினும், சயானில் ஒரு தமிழ்-மராத்தி வீட்டில் ஒரு வாரம் தங்கியிருக்க மாட்டார். அவ்வாசகத்துக்குத் துணையாக இன்னொன்றும் சொல்லப்படுகிறது: “இருவருக்கும் இந்தி தெரியுமே, பிறகென்ன?” என் மறுப்பு முதன்மையாக இந்த இரண்டாவதன் மீதுதான்.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் சேர்த்தால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. மராத்தியிலும் இதே பாகுபாடு உண்டு: சேர்த்தால் ‘ஆபண்’, விலக்கினால் ‘ஆம்ஹீ’. மராத்திக்கு இது திராவிட மொழிகளின் தொடர்பால் வந்தது என்பது மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. பொது இந்தியிலோ இரண்டுக்கும் ஒரே ‘ஹம்’. அதாவது, இருவருக்கும் தாய்மொழியில் இருக்கின்ற ஒரு நுட்பத்தை, இருவருக்கும் தாய்மொழியல்லாத பாலமொழி அழித்துவிடுகிறது.

இது இலக்கண வேடிக்கை அன்று. களப்பணியில் நான் அறிந்த ஓர் இணையர்: தாராவியில் பிறந்த, திருநெல்வேலி வேர்கொண்ட பெண்; ரத்னகிரிப் பக்கத்துக் கணவர். திருமணமான முதல் ஆண்டு, கணபதி விழாவுக்கு ஊருக்குப் போவது பற்றிப் பேச்சு. மாமியார் சொன்னது “ஆபண் காவாலா ஜாஊ”. நீயும் உட்பட நாம் ஊருக்குப் போவோம் என்பது பொருள். மகன் அதை மனைவிக்கு “ஹம் காவ் ஜாயேங்கே” என்று பெயர்த்தார். மாமியார் “ஆம்ஹீ காவாலா ஜாணார்” என்று சொல்லியிருந்தாலும் அவர் அதே வாக்கியத்தைத்தான் தந்திருப்பார். தமிழ்க் காதுக்கு அந்த ‘ஹம்’ ‘நாங்கள்’ என்றே விழுந்தது. தம்மை அழைக்கவில்லை என்று கருதி அவர் பெட்டி கட்டவில்லை. அழைத்தும் வரவில்லை என்று மாமியார் மனம் நொந்தார். பொய் சொன்னவர் எவருமில்லை, மொழிபெயர்ப்பிலும் பிழையில்லை. ஆனாலும் குடும்பம் ஒருத்தியை ஏற்றுக்கொண்ட கணம் அந்த ஒரு சொல்லில் தொலைந்துபோனது.

மும்பைத் தெரு இந்தி இதனை முன்பே உணர்ந்திருக்கிறது. அங்கே ‘அபன்’ என்பது பேசுவோரையும் கேட்போரையும் ஒன்றாகச் சேர்க்கும். ஆனால் அது நாகரிகமற்றது என்று, மாமியார் முன்னால் எல்லோரும் பாடப்புத்தக இந்திக்கு மாறிக்கொள்கிறார்கள். மரியாதையின் பெயரால் நெருக்கத்தை இழப்பது இதுதான்.

நகைச்சுவையிலும் இதே கதை. மராத்தித் திருமணங்களில் மணமகள் கணவன் பெயரைக் கோத்து எதுகையோடு ‘உகாணா’ சொல்ல வேண்டும். நம் பெண் அதைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தார். ‘க’வுக்கும் ‘க்ஹ’வுக்கும் தமிழ் எழுத்தில் வேறுபாடு கிடையாது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், உகாணாவின் நயத்துக்கன்று, உச்சரிப்புக்கு. இதற்கு நேரெதிரான சிரிப்பொன்றும் அவ்வீட்டில் உண்டு. மராத்தியில் ‘ஆயீ’ என்றால் தாய். தமிழ்க் குழந்தைமொழியில் அச்சொல் எதைக் குறிக்கும் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. கணவர் தம் தாயை அழைக்கும்போதெல்லாம் மனைவி வாயைப் பொத்திக்கொள்வாராம். காரணத்தை அவர் சொல்லத் துணிய ஏழெட்டு மாதங்கள் ஆயின. அன்று கணவரும் சேர்ந்து சிரித்தார். முதற்சிரிப்பு ஒருவரை வெளியே நிறுத்தியது. இரண்டாவது இருவரையும் உள்ளே எடுத்தது. ‘ஆம்ஹீ’, ‘ஆபண்’ வேறுபாடு சிரிப்பிலும் இருக்கிறது.

“அப்படியானால் மருமகள் மராத்தி கற்கட்டும்” என்பார்கள். கற்றுவிட்டார்; இன்று மீன்காரியிடம் பேரம் பேசுவதும் மராத்தியில்தான். என் கேள்வி மறுபக்கத்தைப் பற்றியது. 1981இல் வந்த ‘ஏக் தூஜே கே லியே’ படத்தில் தமிழ் நாயகன் காதலுக்காக இந்தி கற்றதைக் கண்டு நாடே உருகியது. தமிழ் கற்கும் மருமகனுக்காக எவரும் உருகக் காத்திருக்கவில்லை. ‘ஐ லவ் யூ’ எந்த மொழியில் அதிகம் கனக்கிறது என்று ழான்-மார்க் தெவேல் பன்மொழியாளர்களிடம் கேட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் முதல்மொழியையே சொன்னார்கள். மற்றவர்கள் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் மறைக்கலாகாது: பின்னர் கற்ற மொழியும் கனக்கும், அதில் வாழ்ந்தால்.

தாராவி வீட்டில் அந்த மருமகன் வாழவில்லை, வந்துபோகிறார். நான்கு ஆண்டுகளில் பத்துத் தமிழ்ச் சொற்கள். கற்கச் சொன்னவர் எவருமில்லை. மாப்பிள்ளையிடம் கேட்பது முறையன்றாம். தட்டில் முதல் தோசை அவருக்கே, பேச்சில் ‘வாங்க, போங்க’ குறையாது. மாமியார் மகளிடம் இன்றும் சொல்வது: “நம்ம வீட்டுக்கு அவரையும் கூட்டிட்டு வா.” அந்த ‘நம்ம’வுக்குள் மகள் இருக்கிறாள். அவர் இல்லை. அது அவருக்குத் தெரியவும் இல்லை, ஏனெனில் மகள் அவருக்கு அதை இந்தியில்தான் சொல்கிறாள்.