ஒன்றரையால் பெருக்கினால் போதுமா?

சிவில் படிக்கும் மாணவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு பதில் வரும்: டெட் லோடையும் லைவ் லோடையும் கூட்டு, ஒன்றரையால் பெருக்கு, டிசைன் மொமென்ட் ரெடி. விண்ட் லோடு? "அதையும் கூட்டி 1.2-ஆல் பெருக்கிப் பார்க்கணும் சார், ஆனா அது எப்பவும் கம்மியாத்தான் வரும்." தேர்வுத்தாளில் இதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. கிடைக்கக்கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுமையைக் கூட்டிக்கொண்டே போனால் பாதுகாப்பும் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கை. எல்லாச் சுமையும் ஒரே திசையில் இருந்தால் அது சரி. காற்று அப்படி நடந்துகொள்வதில்லை. தட்டையான ஷீட் கூரையின் மேல் வீசும் காற்று அதைப் பெரும்பாலும் கீழே அழுத்துவதில்லை. மேலே உறிஞ்சி இழுக்கிறது. அப்போது கூரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் டெட் லோடு மட்டும்தான். அதாவது டெட் லோடு அங்கே நண்பன். நண்பனின் பலத்தை ஒன்றரை மடங்காகக் கணக்குப் போட்டுக்கொண்டு எதிரியோடு மோதுவதைப் பாதுகாப்பு என்று யாராவது சொல்வார்களா?

சரி, ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சென்னையில் ஒரு ஷெட். 6 மீட்டர் நீள ஸ்டீல் பீம்கள், 2 மீட்டருக்கு ஒன்று, இரு முனையிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்டவை. மேலே பர்லின், அதன்மேல் தகர ஷீட், கீழே லேசான சீலிங். பீமின் எடையும் சேர்த்து டெட் லோடு மீட்டருக்கு 0.8 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள் புழங்காத கூரைக்கு லைவ் லோடு சதுர மீட்டருக்கு 0.75, பீமுக்கு வருவது மீட்டருக்கு 1.5.

இனி காற்று. ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். திருத்தக் குணகங்கள் எல்லாம் 1 என்று எளிமையாக எடுத்துக்கொண்டால், அழுத்தம் 0.6 × 50² = 1500 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். வெளியே உறிஞ்சல் 0.8, உள்ளிருந்து தள்ளல் 0.2, ஆக மொத்தக் குணகம் 1.0. பீமுக்கு வருவது மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், மேல்நோக்கி.

மொமென்ட் என்பது சுமை × நீளத்தின் வர்க்கம் ÷ 8. இங்கே அது சுமை × 4.5. எனவே டெட் லோடுக்கு +3.6, லைவ் லோடுக்கு +6.75, காற்றுக்கு −13.5 கிலோநியூட்டன் மீட்டர். கூட்டல் குறி பீமைக் கீழ்நோக்கி வளைப்பது. கழித்தல் குறி மேல்நோக்கி வளைப்பது. ஸ்டீலுக்கான ஐ.எஸ். 800:2007 தரும் கூட்டுகளில் இவற்றைப் போடலாம்:

```
1.5 DL + 1.5 LL          = +15.5
1.2 DL + 1.2 LL + 1.2 WL =  −3.8
1.5 DL + 1.5 WL          = −14.9
0.9 DL + 1.5 WL          = −17.0
```

முதல் மூன்று வரிகளை மட்டும் பார்த்தால் 15.5-தான் பெரிது. "பார்த்தீங்களா, காற்று கம்மிதான்" என்று புத்தகத்தை மூடிவிடலாம். நான்காவது வரி அந்த முடிவைக் கவிழ்த்துவிடுகிறது. டெட் லோடைக் குறைத்தவுடன் மொமென்ட் கூடுகிறது, திசையும் மாறுகிறது. இரண்டாவது வரி இன்னும் வேடிக்கை: மூன்று சுமைகளும் ஒன்றாக இருப்பதால் பயங்கரமாகத் தெரிவதுதான் இருப்பதிலேயே சின்னது! புயல் நாளில் கூரை மேல் யாரும் நிற்கப்போவதில்லை. இல்லாத லைவ் லோடு காற்றை எதிர்த்துப் பிடிப்பதாகக் கணக்குக் காட்டியதன் பலன் இது.

அந்த 0.9 எங்கிருந்து வந்தது? டெட் லோடும் ஒரு மதிப்பீடுதான். ஷீட் வரைபடத்தில் இருப்பதைவிட மெலிசாக வரலாம். சீலிங்கை அடுத்த வருடம் போடலாம் என்று தள்ளிப்போடலாம். கவிழ்தலோ தகைவின் திசை மாறுவதோ பிரச்சினையாகும் இடத்தில் 1.5-க்குப் பதில் 0.9 எடு என்று அட்டவணையின் அடிக்குறிப்பு சொல்கிறது. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456:2000-இலும் இதே குறிப்பு உண்டு. அடிக்குறிப்பில் இருப்பதால் யாரும் படிப்பதில்லை என்பதுதான் கொடுமை. மேலே சொன்ன 0.8-இல் 0.2 சீலிங்குக்கு என்றால், சீலிங் வரும் முன்பே புயல் வந்தால் 17.0 என்பது 17.8 ஆகிவிடும். ஆகவே இந்த வரிக்கு மட்டும், நிச்சயமாக அங்கே இருக்கும் எடையைத்தான் சேர்க்க வேண்டும்.

"15.5-க்கும் 17-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒரு சைஸ் பெரிய பீம் போட்டால் முடிந்தது" என்று ஒரு சமாதானம் வரும். எண்ணை மட்டும் பார்த்துக் குறியை மறந்தவர்களின் சமாதானம் இது. கீழ்நோக்கி வளையும்போது பீமின் மேல் ஃபிளேஞ்ச் அமுக்கத்தில் இருக்கும். அதைப் பர்லின்கள் பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும். மேல்நோக்கி வளையும்போது அமுக்கம் கீழ் ஃபிளேஞ்சுக்குப் போய்விடுகிறது. அதை 6 மீட்டர் நீளத்துக்கும் பிடிக்க ஆள் இல்லை. மெல்லிய பீம் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு போகும். அதே பீம், அதே இரும்பு. ஆனால் தாங்கும் மொமென்ட் வெகுவாகக் குறைந்துவிடும். பர்லினிலிருந்து கீழ் ஃபிளேஞ்சுக்குச் சாய்வாகச் சில சின்ன ஆங்கிள் துண்டுகளைக் கொடுத்தால் இதைத் தடுக்கலாம். கழித்தல் குறியைக் கவனித்தவனுக்குத்தான் அது தோன்றும். மென்பொருள் தரும் உச்ச மதிப்பைக் குறி பார்க்காமல் எடுத்து எழுதுபவனுக்குத் தோன்றாது.

பீமோடு விஷயம் முடிவதுமில்லை. 0.9 × 0.8 − 1.5 × 3 = −3.78. அதை 3 மீட்டரால் பெருக்கினால், ஒவ்வொரு முனையிலும் 11.3 கிலோநியூட்டன், ஒரு டன்னுக்கும் மேலான இழுப்பு, மேல்நோக்கி. பீம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்துப் போட்ட போல்ட்டும் வெல்டும்தான் இதைத் தாங்கியாக வேண்டும்.

எதிர்வாதத்திலும் நியாயம் உண்டு. 125 மில்லிமீட்டர் கான்கிரீட் ஸ்லாப் ஒன்றே சதுர மீட்டருக்கு 3.1 கிலோநியூட்டன் எடை; 1.5 உறிஞ்சல் அதை அசைக்காது. சாதாரண வீட்டின் ஸ்லாப் பீமுக்கு `1.5(DL + LL)` தான் பெரும்பாலும் தீர்மானிக்கும். ஆனால் அது கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு. மனப்பாடம் செய்ய வேண்டிய விதி அல்ல. வீட்டு பீமில் பழகிய கையோடு ஷெட்டுக்கு வருபவன்தான் சிக்கிக்கொள்கிறான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எடை குறைந்த கூரைகள் நிறைந்த கரை இது.

ஆகவே கணக்கைத் திருத்துபவர்கள் விடையைப் பார்க்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்க்கட்டும். 0.9 வரி இருக்கிறதா? ஒவ்வொரு மொமென்ட்டுக்கும் குறி இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், 15.5 என்ற விடை எவ்வளவு அழகாகக் கட்டம் கட்டப்பட்டிருந்தாலும் அந்த ஷெட்டுக்கு அது விடை அல்ல.